எக்செல் கணக்கில் பிழையைத் திருத்தாமல் மூடிக் கொடுத்தார்கள்: கோப்பைப் பிறரிடம் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

காரைக்குடியில் என் ஆச்சி பலகாரம் செய்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பி வருகிறார். மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, கைமுறுக்கு ஆகியவை அட்டைப்பெட்டிகளில் மதுரைக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் போகின்றன. கடைகள் பணத்தைத் தவணை தவணையாக வங்கியில் செலுத்துகின்றன. இந்தப் பற்று வரவை எக்செல்லில் எழுதி வைப்பது என் பொறுப்பு. ஆண்டு முடிவில் ஐந்தொகை கட்டும் நேரத்தில் பாக்கிப் பத்தியில் ஆங்காங்கே #VALUE! என்று வரத் தொடங்கியதால், கணினி வேலை செய்து கொடுக்கும் உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் கோப்பைக் கொடுத்தேன். பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. ரூ.8,500 வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லை; நானும் நிம்மதியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஆச்சி தம் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, மதுரைக் கடைக்காரர் பாக்கி எப்ப தீர்ந்துச்சு? எனக்குத் தெரியாம பணம் வந்துச்சா?" என்று கேட்டார். கோப்பில் அந்தக் கடைக்குப் பாக்கி 0 என்று இருந்தது. சிட்டையிலோ பில் 18,400, வரவு 12,000, பாக்கி 6,400 என்று ஆச்சியின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. அந்தக் கட்டத்தைச் சொடுக்கி, மேலே உள்ள வாய்ப்பாட்டுப் பட்டையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

```
=IFERROR(C2-D2,0)
```

நான் எழுதியிருந்தது, பில் தொகையிலிருந்து வரவைக் கழிக்கும் வெறும் `=C2-D2` மட்டுமே. பிழை வந்தால் அதற்குப் பதிலாக 0 காட்டு என்பதுதான் IFERROR சுற்றிய அந்த வாய்ப்பாட்டின் பொருள். அதாவது, கணக்குப் போட முடியாத வரிசைகள் எல்லாம் கடன் தீர்ந்த வரிசைகளாக மாறிவிட்டன. IFERROR தவறான கருவி அன்று. பட்டியலில் ஒரு பெயர் கிடைக்காவிட்டால் வெற்றிடம் காட்டுவது போன்ற இடங்களில் நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பாக்கிப் பத்தியில் 0 என்பது வெற்றிடம் ஆகாது. 'தரவேண்டியது ஒன்றும் இல்லை' என்று கடைக்காரருக்கு எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

உண்மையான கோளாறு D பத்தியில், அதாவது வரவுத் தொகையில் இருந்தது. அந்தத் தொகைகளில் ஒரு பகுதியை நான் வங்கியின் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தேன். பார்வைக்கு 12,000.00 என்றே இருந்த அந்தக் கட்டத்தை இப்படிச் சோதித்தேன்.

```
=LEN(D2)
=CODE(RIGHT(D2,1))
```

12,000.00 என்பதில் காற்புள்ளியும் புள்ளியும் சேர்த்து ஒன்பது எழுத்துகள்தான் உள்ளன. எழுத்துகளை எண்ணும் முதல் வாய்ப்பாடோ 10 என்றது. கடைசி எழுத்தின் எண்ணைச் சொல்லும் இரண்டாவது வாய்ப்பாடு 160 என்றது. இணையப் பக்கங்களில் வரி உடையாமல் இருப்பதற்காக இடப்படும் ஒருவகை இடைவெளியின் எண் 160. அது கண்ணுக்குத் தெரியாது. மிகுதியான இடைவெளிகளை நீக்கும் TRIM, எண் 32 உடைய சாதாரண இடைவெளியை மட்டுமே நீக்கும் என்பதால் இதைத் தொடாது. இது ஒட்டிக்கொண்டிருக்கும் வரை எக்செல் அந்தத் தொகையை எழுத்தாகவே பார்க்கும். கழிக்கச் சொன்னால் #VALUE! என்று மறுக்கும். இப்படிப் பதினான்கு வரிசைகள் இருந்தன.

இதைவிட ஆபத்தான இன்னொரு வகையும் அதே பத்தியில் இருந்தது. சில கட்டங்கள் Text என்ற வடிவத்தில் இருந்தபோது நான் கையால் தட்டிய தொகைகள், வெறும் இலக்கங்களாக இருந்தும், எழுத்தாகவே பதிந்திருந்தன. இவற்றில் `=C9-D9` சரியாகவே விடை தரும். ஏனென்றால் கூட்டல், கழித்தல் குறிகளைப் பயன்படுத்தும்போது எக்செல் எழுத்தை எண்ணாக மாற்றிப் பார்க்கிறது. ஆனால் `=SUM(D2:D213)` அவ்வாறு மாற்றிப் பார்ப்பதில்லை. எழுத்தாக உள்ள கட்டங்களைப் பிழை எதுவும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு வரிசையும் சரியாக இருக்க, அடியில் உள்ள மொத்தம் மட்டும் குறையும். சரிபார்க்க எளிய வழி இது:

```
=COUNTA(D2:D213)-COUNT(D2:D213)
```

COUNTA எதுவாவது உள்ள கட்டங்களை எண்ணும்; COUNT எண்கள் உள்ளவற்றை மட்டும் எண்ணும். எனக்கு 41 என்று வந்தது. அந்த நாற்பத்தொரு தொகைகளையும் தனியே கூட்டினால் ரூ.2,38,450, வங்கிக் கணக்கு வரவுக்கும் எங்கள் மொத்தத்துக்கும் இருந்த வித்தியாசமும் அதே தொகைதான்.

எழுத்தாக உள்ளவை இயல்பாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண்கள் வலப்பக்கம் நிற்கும். அதைக் கொண்டே நான் கண்டுபிடித்திருப்பேன். ஆனால் அந்த நிறுவனத்தார் பத்தி முழுவதையும் வலப்பக்கம் ஒதுக்கி அழகுபடுத்தியிருந்தார்கள். வடிவத்தை Text என்பதிலிருந்து Number என்றும் மாற்றியிருந்தார்கள். அதனால் பயன் இல்லை, ஏற்கெனவே எழுத்தாகப் பதிந்தது மறுபடி உள்ளிடப்படும் வரை எழுத்தாகவே இருக்கும்.

பக்கத்தில் ஒரு வெற்றுப் பத்தியில் கீழ்க்கண்டதை எழுதி, கீழே வரை இழுத்து, வந்த விடைகளை D பத்தியில் Paste Special, Values வழியாக ஒட்டிச் சரிசெய்தேன்.

```
=NUMBERVALUE(SUBSTITUTE(D2,CHAR(160),""),".",",")
```

SUBSTITUTE அந்த மறைந்த இடைவெளியை நீக்குகிறது. NUMBERVALUE எது பின்னப்புள்ளி, எது ஆயிரப்பிரிப்பு என்று நாம் சொல்வதை ஏற்று எண்ணாக்குகிறது. எக்செல் 2013 முதல் இது உண்டு. ஐரோப்பியப் பக்கத்திலிருந்து 1.250,00 என்று வரும் தொகைகளுக்குக் கடைசி இரண்டு குறிகளையும் இடம் மாற்ற வேண்டும். அங்கிருந்து 1.250 என்று மட்டும் வந்தால் நம் கணினி அதை ஒன்றேகால் ஆக்கிவிடும், பிழையும் காட்டாது. தொகையின் பின்னால் Cr என்று இருந்தால் இந்த வாய்ப்பாடு #VALUE! தரும். அது நல்லதே, எந்த வரிசையைப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது.

இன்னும் இரண்டு வேலைகள் செய்திருந்தார்கள். சென்ற ஆண்டுப் பாக்கி இருந்த தாளைத் தேவையற்றது என்று அழித்துவிட்டார்கள். தொகுப்புத் தாளில் `=IFERROR(#REF!E214,0)` என்று மட்டும் மிஞ்சியிருந்தது. எந்தத் தாள் என்ற முகவரியே வாய்ப்பாட்டிலிருந்து போய்விட்டதால், கொடுக்கும் முன் நான் எடுத்து வைத்திருந்த பழைய நகலைக் கொண்டுதான் மீட்க முடிந்தது. பில்லில் தொகையை எழுத்தால் எழுதும் `=RupeesInWords(F20)` எங்கள் கணினியில் #NAME? என்றது. அந்தச் செயற்கூறு அவர்கள் கணினியில் உள்ள ஒரு கூடுதல் கோப்பில் இருந்தது, எங்களுக்குத் தரவில்லை. கேட்டதற்கு, "அதுக்குத் தனியா ரெண்டாயிரம் ஆகும் சார்" என்றார்கள்.

ஆகவே கோப்பைப் பிறரிடம் கொடுப்பவர்கள் முதலில் ஒரு நகலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன்பே, Ctrl+F அழுத்தி, Look in என்பதில் Formulas, Within என்பதில் Workbook என்று வைத்து, IFERROR என்றும் #REF! என்றும் தேடுங்கள். நீங்கள் எழுதாத IFERROR ஒவ்வொன்றையும் கழற்றச் சொல்லி, உள்ளே என்ன பிழை இருக்கிறது என்று அங்கேயே பாருங்கள். தொகைப் பத்திகளில் COUNTA, COUNT வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள். கோப்பை உங்கள் கணினியில் திறந்து, Ctrl+Alt+F9 அழுத்தி எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடச் செய்து, #NAME? வருகிறதா என்றும் பாருங்கள்.

பணத்தைத் திருப்பித் தர அவர்கள் மறுத்துவிட்டார்கள். "எரர் போகணும்னுதானே கேட்டீங்க" என்பதுதான் அவர்கள் சொன்ன பதில். பதினான்கு கடைகளிடமிருந்தும் வரவேண்டிய ரூ.61,300ஐ ஆச்சி சிட்டையைப் பார்த்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கேட்டு வருகிறார். பதினொரு பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மீதி மூன்று பேர், நாங்கள் அனுப்பிய கணக்குத் தாளில் பாக்கி 0 என்று இருந்ததையே எடுத்துக் காட்டுகிறார்கள்.