0.45 ஆ, 0.7 ஆ? ஒற்றைச் சுவர்ப் பூச்சாடியும் அதன் அடியும்

3டி பிரிண்டரில் பூச்சாடி அடிக்கும்போது சுவர்க் கோடு 0.45 மி.மீ. அகலமா, 0.7ஆ என்று கேட்டால் நான் 0.7 பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கல்யாண மேசைகளுக்கென்று பன்னிரண்டு பூச்சாடி கேட்டார். 18 சென்டிமீட்டர் உயரம், அடி 6 சென்டிமீட்டர், நடுவில் நல்ல தொப்பை, மேலே ஒடுங்கிய கழுத்து. முதல் மூன்றை 0.45 மி.மீ. லைன் அகலத்தில், அடியில் இரண்டே லேயர் வைத்து அடித்துக் கொடுத்தேன். அக்கா ஒன்றைத் தூக்கித் தொப்பையில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார், சடசடவென்று சத்தம். "தம்பி, முட்டை ஓடு மாதிரி இருக்கே, இதுல தண்ணி வேற ஊத்தணுமா?" என்றார். மூன்றும் வீட்டுக்குத் திரும்பி வந்தன.

இந்தச் சாடிகளை நான் அடிப்பது வேஸ் மோடில். அதில் பிரிண்டர் ஒரே கோட்டைத் திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி மேலே கொண்டுபோகிறது, சுவர் ஒன்றுதான், தையல் தழும்பு கிடையாது. மாடல் உள்ளே குடையாமல் திடமாக இருக்க வேண்டும், அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. உள்ளே நிரப்பும் இன்ஃபில் இல்லை, மேல்மூடி இல்லை என்பதால் நம் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு எண்கள்தான்: அந்தக் கோடு எவ்வளவு அகலம், சுவர் தொடங்குவதற்கு முன் அடியில் எத்தனை லேயர்.

0.45க்கும் நியாயம் உண்டு. எடை குறைவு, கூரான மடிப்புகள் மழுங்காமல் வரும். என் சாடியின் சராசரிச் சுற்றளவு 25 சென்டிமீட்டர் என்று வைத்தால், பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் சுவருக்கு மட்டும் 0.45இல் ஏறக்குறைய 25 கிராம், 0.7இல் 39 கிராம். ஆனால் மெல்லிய கோடு சீக்கிரம் முடியும் என்று நினைப்பதுதான் தப்பு. உருகிய பிளாஸ்டிக்கை விடும் நொசில் ஓடும் தூரம் இரண்டிலும் ஒன்றே. 0.3 லேயர் உயரத்தில் 600 சுற்று, ஒவ்வொன்றும் 250 மி.மீ., விநாடிக்கு 40 மி.மீ. வேகம் என்றால் அகலம் எதுவானாலும் ஒரு மணி நேரம் சொச்சம்தான். கூடுவது பிளாஸ்டிக் மட்டுமே.

0.3 உயரத்தை நான் எடுத்ததற்குக் காரணம் கரண்ட். 0.2 என்றால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும், காற்றும் மழையுமான நாளில் எங்கே மரம் விழுந்து கரண்ட் போகுமோ என்று பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். வேஸ் மோடில் நடுவில் நின்றால், திரும்பத் தொடங்கினாலும் அந்த இடத்தில் ஒரு பரு நிற்கும், மறைக்கவே முடியாது. அந்த அவசரத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

தொப்பை 45 பாகை வெளியே சாயும் இடத்தைக் கவனியுங்கள். லேயர் உயரம் 0.3 என்றால், ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றைவிட 0.3 மி.மீ. வெளியே தள்ளி விழுகிறது. கோடு 0.45 அகலம்தானே, ஆக அது கீழ்க்கோட்டின் மேல் உட்காருவது வெறும் 0.15, மூன்றில் ஒரு பங்கு. மீதி அந்தரத்தில். 0.7 போட்டால் அதே சாய்வில் 0.4 மி.மீ. உட்காரும், பாதிக்கும் மேல். உயரத்தை 0.2 ஆகக் குறைத்து 0.45இலேயே அடித்தாலும் 0.25தான் கிடைக்கும், அதற்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சுவரின் தடிமனைவிட இந்த உட்காரும் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பேன். கட்டைவிரலுக்குக் கேட்ட சடசட சத்தம், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒட்டு பிரிகிற சத்தம். திரும்பி வந்த சாடிக்குள் போன் லைட்டை விட்டுப் பார்த்தேன், நேரான அடிப்பகுதி ஒரே சீராகத் தெரிந்தது, தொப்பைக்குக் கீழே மட்டும் மயிரிழை மாதிரி வெளிச்சக் கீற்றுகள்.

சரி, 0.7க்கு என்ன விலை? உருக்க வேண்டிய அளவு. அகலம், உயரம், வேகம் மூன்றையும் பெருக்கினால் 0.45இல் விநாடிக்கு 5.4 கன மி.மீ., 0.7இல் 8.4. என் பழைய பிரிண்டர் பத்தை நெருங்கினாலே பிளாஸ்டிக்கைத் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் டக் டக் என்று பல் தவறும். அதனால் வேகத்தை 35க்கு இறக்கி, சூட்டை 205இலிருந்து 215க்கு ஏற்றினேன், பத்து நிமிடம் போலத்தான் கூடியது. மாடலைப் பிரிண்டருக்கு லேயர் லேயராக வெட்டிக் கொடுக்கும் PrusaSlicerஇல் `Spiral vase` டிக் போட்டு, `External perimeters` அகலத்தில் 0.7 என்று எழுதினால் போதும். முதல் சாடியின் சுவரை வெர்னியரில் அளந்து பாருங்கள், 0.6 என்று காட்டினால் பிளாஸ்டிக் போதாமல் வருகிறது என்று அர்த்தம்.

0.4 மி.மீ. துளையுள்ள நொசிலில் இதைவிட அகலமாகப் போகலாமா? 0.8 போட்டேன், விளிம்பு அலையலையாக வந்தது. துளையைச் சுற்றியுள்ள தட்டையான முகம்தான் கோட்டை அமுக்கிப் பரப்புகிறது, அதன் ஓரத்தை நெருங்கினால் கட்டுப்பாடு போய்விடும். 0.6 நொசில் மாற்றினால் இது லேசாகவே வரும், ஆனால் ஒரேயொரு சாடிதான் அப்படி அடித்திருக்கிறேன், அதை வைத்து அடித்துப் பேச மாட்டேன்.

நம் ஊர் மூட்டத்தையும் சொல்ல வேண்டும். ஃபிலமென்ட் என்கிற பிளாஸ்டிக் இழை ஈரம் குடித்திருந்தால் நொசிலில் பொரியும், அந்த நீராவிக் குமிழ் ஒற்றைச் சுவரில் ஊசித்துளையாக நின்றுவிடும். அகலக் கோட்டில் குமிழ் வந்தாலும் பக்கத்தில் கொஞ்சம் சதை மிச்சமிருக்கிறது, 0.45இல் அது நேராக ஓட்டைதான். எப்படியும் 45 முதல் 50 பாகைச் சூட்டில் நாலைந்து மணி நேரம் உலர்த்தாமல் நான் இப்போது தொடங்குவதில்லை.

அடிக்கு வருவோம். இரண்டு லேயரா நாலா என்றால் நாலு. ஆனால் கனத்துக்காக என்று நினைக்காதீர்கள், 6 சென்டிமீட்டர் அடியில் ஒரு லேயர் ஒரு கிராம்தான் வரும், பத்து போட்டாலும் சாடி சாயாமல் நிற்க அது உதவாது, கூழாங்கல் நாலு போடுங்கள். நாலு கேட்பதற்குக் காரணம் வேறு. இரண்டு லேயர் அடி, பிரிண்டரின் பெட் தட்டிலிருந்து கழற்றும்போது பறைத்தோல் மாதிரி வளைகிறது, அந்த வளைவு சுவரும் அடியும் சேரும் வளையத்தில்தான் ஒட்டைப் பிரிக்கிறது. தண்ணீர் கசிந்ததும் அங்கேதான், அடியின் நடுவில் ஒரு சொட்டும் இல்லை. சாடியில் கேசரிப் பவுடர் கலந்த தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க டிஷ்யூ பேப்பரில் வைத்தேன், காலையில் பேப்பரில் அழகாக ஒரு மஞ்சள் வட்டம், நடுவே வெள்ளை.

நாலு லேயரில் வளைவு நின்றது, ஆனாலும் ஒரு பக்கம் ஈரம் தட்டியது. அடியின் நிரப்புக் கோடுகள் ஓரக் கோட்டில் முட்டும் இடத்தில் இடைவெளி இருந்தது. `Infill/perimeters overlap` 25 சதவீதத்தில் இருந்ததை 35 ஆக்கிய பிறகுதான் பேப்பர் காய்ந்தே கிடந்தது. அதனால் ஆறு, எட்டு என்று லேயரை ஏற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். லேயர் கூடக்கூட ஓரம் பெட்டிலிருந்து கிளம்பும் ஆபத்தும் கூடும், குளிர் அறையில் இன்னும் மோசம்.

0.7இல் எனக்குப் பிடிக்காத ஒன்று கழுத்து. அங்கே குறுக்கு 3 சென்டிமீட்டர்தான், ஒரு சுற்று மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும், தடித்த கோடு ஆறுவதற்குள் அடுத்தது மேலே ஏறும். ஸ்லைசர் தானே வேகத்தைக் குறைக்கிறது, ஆனால் சில்க் ஃபிலமென்டில் மெதுவாக ஓடிய இடம் வேறு பளபளப்பில், ஒரு பட்டை கட்டின மாதிரி தெரிகிறது. மொத்தச் சாடியையுமே 25 மி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன், பட்டை மங்கியது, முழுதாகப் போகவில்லை, நேரமும் ஒன்றே முக்கால் மணி நேரத்தைத் தொட்டது. அக்காவுக்கு மீதியை சாதாரண மேட் வெள்ளையில் அடித்துக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்த மூன்றில் ஒன்றின் அடியை அறுத்து, சின்ன எல்.இ.டி. பல்புக்கு மூடியாகப் போட்டிருக்கிறேன், வெளிச்சத்துக்கு அந்த 0.45 சுவர் நன்றாகத்தான் இருக்கிறது.