மாலாசனமா, பவனமுக்தாசனமா? எங்கள் வீட்டில் இரண்டு வயிறு

மும்பை சயானில், குந்தி உட்காரும் கழிப்பறை கொண்ட சால் குடியிருப்பில் இருந்தவரை அம்மா மலச்சிக்கல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. செம்பூரில் ஏழாவது மாடிக்கு மாறினோம். இங்கே வெஸ்டர்ன் டாய்லெட். சில மாதங்களில் காலைப் பேச்சு முழுக்க அதைப் பற்றியே என்றாகிவிட்டது. எனக்கும் தொல்லைதான், ஆனால் வேறு மாதிரி. ஏழு மணி லோக்கலைப் பிடிக்கும் அவசரத்தில் வருகிற உந்துதலை அடக்கி அடக்கி, சாயங்காலம் வயிறு பானை மாதிரி உப்பிக்கொள்ளும். இருவரும் இரண்டு ஆசனங்களையும் செய்து பார்த்தோம். அவருக்குப் பலித்தது எனக்கு அவ்வளவாகப் பலிக்கவில்லை.

மாலாசனம் என்பது குத்துக்காலிட்டு உட்காருவதுதான். (மாலை என்பதிலிருந்து வந்த பெயர், மலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) பாதங்களைக் கொஞ்சம் அகட்டி, குதிகால் தரையில் படும்படி குந்தி, கைகூப்பி அரை நிமிடம் இருந்து எழ வேண்டும். மூன்று முறை போதும். குதிகால் படாவிட்டால் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கலாம். மலக்குடலின் கடைசிப் பகுதியை ஒரு தசை வார் மாதிரி வளைத்து முன்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது. நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரும்போது அந்த வளைவு முழுதாக நிமிராது. குந்தினால் தசை தளர்ந்து வழி நேராகும். ஆக இது வாசலைத் திறக்கிற வேலை.

பவனமுக்தாசனம் உள்ளே கிடக்கும் காற்றை நகர்த்துகிற வேலை. மல்லாந்து படுத்து, முதலில் வலது முழங்காலை மடக்கி இரு கைகளாலும் வயிற்றோடு அணைத்து, ஐந்தாறு மூச்சு சீராக விட வேண்டும். பிறகு இடது கால், அப்புறம் இரண்டும் சேர்த்து. பெருங்குடல் வலப்பக்கம் மேலேறி இடப்பக்கம் இறங்குவதால் வலதில் தொடங்கச் சொல்வார்கள். இடதில் தொடங்கினாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது என்பது என் அபிப்பிராயம்.

உங்களுக்கு எது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: மலம் இளகலாக இருக்கும் நாளிலும் முக்க வேண்டியிருக்கிறதா? ஆம் என்றால் சிக்கல் வாசலில் இருக்கலாம். அதற்குக் குந்துகிற நிலை பொருந்தும். உப்புசமும் காற்றும்தான் என்றால் படுத்துச் செய்வது. கெட்டியாக, உருண்டை உருண்டையாக வருகிறதென்றால் எந்த ஆசனமும் அதை இளக்காது. அங்கே தண்ணீரையும் நார்ச்சத்தையும் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு வாசல் சிக்கலும் கெட்டியாகப் போவதும் கலந்திருந்தது. வயது 68, முழங்கால் தேய்மானம், எலும்பு வலுக்குறைவு. மாலாசனத்தில் உட்கார்ந்துவிட்டார், எழ முடியவில்லை, நான்தான் தூக்கிவிட்டேன். அதோடு அதை விட்டோம். பதிலாகக் கமோடின் முன்னால் எட்டு, ஒன்பது அங்குல உயரத்தில், ஆடாத ஸ்டூல் ஒன்று. அதில் பாதங்களை வைத்து, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி, முன்னால் கொஞ்சம் சாய்ந்து முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றினால் குந்தியதில் பாதிப் பலன் கிடைக்கிறது. மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரவும் கூடாது. கூடவே டாக்டரிடம் கேட்டபோது கால்சியம் மாத்திரைக்கே மலத்தை இறுக்கும் குணம் உண்டு என்று சொல்லி, வேறு வகைக்கு மாற்றினார். அம்மாவின் தொல்லை குறைந்ததில் ஸ்டூலின் பங்கு எவ்வளவு, மாத்திரையை மாற்றியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பவனமுக்தாசனம் சாயங்கால உப்புசத்துக்கு உதவியது. காலைச் சிக்கல் தீர்ந்தது வேறு வழியில்: அரை மணி முன்னால் எழுந்து, சூடாக ஏதாவது குடித்து, கொஞ்சம் சாப்பிட்டு, உந்துதல் வரும்வரை வீட்டில் இருந்தேன். வயிற்றுக்குள் ஏதாவது போனதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலையில் அது பலமாக இருக்கும். அந்த நேரத்தை ரயிலில் தொலைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடலை முறுக்குகிற அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். அம்மா மாதிரி எலும்பு வலுவற்றவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். முதுகை முன்னால் வளைத்து முறுக்கினால் முதுகெலும்பு நொறுங்க வாய்ப்பு உண்டு. அவர்கள் பவனமுக்தாசனத்திலும் தலையைத் தூக்காமல், கட்டிலில் படுத்தே, ஒரு காலாக மெதுவாக மடக்க வேண்டும். குடலிறக்கம், சமீபத்திய வயிற்று அறுவை, முழங்கால் மாற்று, முதுகெலும்பு வட்டு விலகல் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சாப்பிட்ட உடனே யாருமே வயிற்றை அழுத்தக் கூடாது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நடுத்தர வயதுக்குப் பிறகு வழக்கம் திடீரென்று மாறுவது என்றால் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். வயிறு வீங்கி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.