பழைய போனை எக்ஸ்சேஞ்சுல குடுக்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க. எனக்குப் போனது 18,600 ரூபா

நான் வீட்டுல பிளவுஸ் தைக்கிறவ. அளவு, டிசைன் போட்டோ, "அக்கா மீதி 450 அடுத்த வாரம் தர்றேன்"ங்கிற மெசேஜ், எல்லாமே வாட்ஸ்அப்லதான். நோட்டு போடல. அது என் தப்புதான்.

முந்தாநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மொபைல் கடையில பழசைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்தேன். "சாட்டெல்லாம் வந்துருமா தம்பி?"ன்னு ரெண்டு தடவ கேட்டேன். அந்தப் பையன் Settings, Chats, Chat backup-னு விறுவிறுன்னு போய் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். "Local: 2:00 AM"னு இருந்துச்சு. "பாருங்கக்கா, இன்னிக்கு விடியக்காலைலகூட பேக்கப் ஆயிருக்கு." கண்ணு முன்னாடி காட்டுறான், நம்பாம என்ன பண்றது? தலையாட்டினேன். அங்கேயே ரீசெட் போட்டுட்டான்.

வீட்டுக்கு வந்து புதுசுல நம்பர் போட்டா, மே 11 வரைக்கும்தான் சாட் வந்துச்சு. நடந்துட்டிருக்கிறது ஆகஸ்ட். மூணு மாசம் காலி. பாக்கி மட்டும் மனக்கணக்குல 18,600 ரூபா.

என் மச்சான் பாத்துட்டுத்தான் விளக்கினார். Local-ங்கிறது அந்தப் போனுக்குள்ளயே தினமும் தானா சேர்ற காப்பி. ரீசெட் போட்டா அதுவும் சேந்தே அழியும். புதுப் போனுக்கு வர்றது பக்கத்து வரியில இருக்கிற கூகுள் பேக்கப்தான். என் கூகுள் கணக்குல இலவச 15 ஜிபி போட்டோவாலயே ரொம்பிடுச்சு, மே 11-க்கு அப்புறம் ஒண்ணும் ஏறல. அந்தத் தேதியை அவன் பாக்கவே இல்ல, இல்லேன்னா பாத்தும் சொல்லல.

திரும்பப் போனேன். பையன், "ஓனர் வந்தா கேளுங்க"ங்கிறான். ஓனர், "பழைய போன் ஏஜென்ட்டுக்குப் போயிடுச்சும்மா, டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லன்னு பில்லுலயே போட்டிருக்கு"ங்கிறார். அப்புறம், "1,500 குடுங்க, ரெக்கவரி பண்ணித் தர்றோம்"னாரே பாக்கணும்! போன்தான் போயிடுச்சே, எதுல இருந்து எடுப்பார்? அது கையில இருந்தாலும் பிரயோஜனமில்ல. இப்ப வர்ற ஆண்ட்ராய்டு போனை ரீசெட் பண்ணா உள்ள இருக்கிறதைத் திறக்கிற சாவியே அழிஞ்சிடும். யாராவது இப்படிக் கேட்டா குடுக்காதீங்க.

கூகுள் வரியில இன்னிக்குப் பேக்கப் ஆயிருக்கான்னு நீங்களே பாருங்க. இல்லேன்னா Back up-ஐ அழுத்தி முடியற வரைக்கும் இருங்க. வீடியோ வேணும்னா அதுக்குத் தனியா டிக் போடணும். பேக்கப்புக்கு பாஸ்வேர்டு வெச்சிருந்தா அது ஞாபகம் இருக்கான்னும் பாத்துக்கங்க. ரெண்டு போனும் கையில இருந்தா Transfer chats-ல க்யூஆர் ஸ்கேன் பண்ணியே மாத்திக்கலாம், கூகுளே வேண்டாம். புதுசுல போன வார மெசேஜைத் திறந்து பாக்குற வரைக்கும் பழசை யார் கையிலயும் குடுக்காதீங்க.

இப்ப ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, "உங்க போன்ல நம்ம சாட் இருக்குமே, கொஞ்சம் அனுப்புங்களேன்"னு கெஞ்சிட்டிருக்கேன். நேத்து ஒரு அம்மா, "எனக்கு எதுவும் பாக்கி இல்லியேம்மா"ன்னு சொல்லி வெச்சிட்டாங்க.