வாரம் மாற்றியா, ஒருவரிடமேவா?

பிரிந்துவிட்ட பெற்றோரில் அம்மா சேலம் அஸ்தம்பட்டியில், அப்பா ஏற்காட்டில், 7 வயது மகளின் பள்ளி சேலத்தில் என்று வைத்துக்கொள்வோம். மகளை இருவரும் வாரம் மாற்றி வைத்துக்கொள்வது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அப்பாவின் வாரத்தில் பிள்ளை தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும். பாதி நாள் வாந்திதான். இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு பிள்ளையின் நலனையே முதன்மையாக வைக்கிறது. அப்பாவின் சம்பளம் அதிகம் என்பது மட்டும் அங்கே போதாது.

அதனால் பிள்ளை அம்மாவிடம், வார இறுதியும் விடுமுறையில் பாதியும் அப்பாவிடம் என்ற ஏற்பாடே இங்கே எடுபடும். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். சொல்லிக்கொடுத்த பேச்சு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அப்பா மலையிறங்கிப் பள்ளிக்குப் பக்கத்தில் குடிவந்தால், உத்தரவை மாற்றச் சொல்லி அவர் மறுபடி மனு போடலாம்.