முதல் வகுப்புப் பீஸைப் பார்த்து ஏமாந்தேன்: 12 வருட ரசீதுகள் சொன்ன கணக்கு

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி கடைக்கு வந்து, "அண்ணே, பாப்பா படிச்ச பள்ளிக்கூடத்துலயே என் பையனையும் ஒண்ணாவது சேத்துடலாமா? பீஸ் கம்மின்னு நீங்கதானே சொன்னீங்க" என்று கேட்டான். சொன்னவன் நான்தான். 2012-ல் இருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் ஒருநாள்கூட உட்கார்ந்து கூட்டிப் பார்த்தது கிடையாது. "ரெண்டு நாள் பொறுடா" என்று அவனை அனுப்பிவிட்டு, பரணில் இருந்த மஞ்சள் பையை இறக்கினேன். அதில் கண்டதை இங்கே எழுதுகிறேன், இந்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப்போகிறவர்களுக்காக.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். நான் உரக்கடை வைத்திருக்கிறேன். பில்லைத் தூக்கிப்போடும் பழக்கம் இல்லாததால், மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த 2012 ஜூனிலிருந்து பன்னிரண்டாவது முடித்த 2024 வரை ஏறக்குறைய எல்லா ரசீதும் இருந்தது. ஒப்பிட இன்னொரு கட்டும் கிடைத்தது. என் தங்கச்சி மகனும் அதே வருடங்களில் வேறொரு தனியார் பள்ளியில் படித்தான். மாப்பிள்ளை அரசு ஊழியர். வருமான வரியில் 80சி கழிவுக்காக வருடாவருடம் அலுவலகத்தில் பள்ளி ரசீதைக் காட்ட வேண்டியிருந்தது. பள்ளிக்குக் கட்டுவதில் அந்தக் கழிவு கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான், வேனுக்கோ நன்கொடைக்கோ கிடையாது. அதனால் அவர் எந்த ரசீது எதற்கு என்று தனித்தனியாகப் பிரித்தே வைத்திருந்தார். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

2012-ல் நான் முடிவெடுத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சேர்த்த பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு வருடம் 9,000 ரூபாய். தங்கச்சி சேர்த்த பள்ளியில் 16,000. வருடத்துக்கு 7,000 மிச்சம், பன்னிரண்டு வருடத்துக்கு 84,000 மிச்சம் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன். அந்த 16,000-க்குள் புத்தகம், நோட்டு, சீருடை, ஓவியம், கராத்தே எல்லாம் அடக்கம் என்று தங்கச்சி சொன்னபோது, "அதெல்லாம் பெரிய காசா?" என்று கேட்டேன்.

இப்போது கூட்டினால் நான் கட்டியது 5,50,800 ரூபாய். தங்கச்சி கட்டியது 4,63,500. 84,000 மிச்சம் என்று நினைத்த இடத்தில் 87,300 அதிகமாகக் கொடுத்திருக்கிறேன்.

என் 5,50,800-ல் 'கல்விக் கட்டணம்' என்ற பெயரில் போனது 2,05,500 மட்டும். சேர்க்கும்போது நான் பார்த்தது இந்த ஒரு வரியைத்தான். மீதி, அதாவது நூற்றுக்கு அறுபதுக்கும் மேலே, வேறு வேறு பெயரில் போயிருக்கிறது.

வேன் மட்டும் 1,05,900. எங்கள் வீட்டிலிருந்து பள்ளி 6 கிலோமீட்டர். தங்கச்சி வீட்டிலிருந்து அவர்கள் பள்ளி 9 கிலோமீட்டர் என்பதால் அவளுக்கு 1,22,400 ஆகியிருக்கிறது. இதில் அவள்தான் அதிகம் கொடுத்தாள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கியபோது ஒன்று தெரிந்தது. அவள் பள்ளி வருடத்துக்கு 10 மாதம்தான் வேன் காசு வாங்கியது. என் பள்ளி 12 மாதம் வாங்கியது. மே மாத வெயிலில் வண்டி ஷெட்டில் நின்றதற்கும் காசு. அந்த இரண்டு மாதக் காசை மட்டும் கூட்டினால் 16,000. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் ரோடெல்லாம் மரம் விழுந்து பல நாள் வண்டியே வரவில்லை, அந்த மாத ரசீதிலும் முழுத்தொகை. கொரோனாவில் பள்ளி பூட்டிக்கிடந்த 2020-21-ல்கூட 'வாகனப் பராமரிப்பு' என்று மூன்று மாதத்துக்கு 2,700 வாங்கியிருக்கிறார்கள். வேன் காசு மாதம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறோம். வருடத்துக்கு எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை.

சீருடை, ஷூ, டை, பெல்ட், புதன்கிழமைக்கு வேறு கலர் உடுப்பு எல்லாம் சேர்த்து 33,400. பள்ளி சொன்ன கடையில்தான் எடுக்க வேண்டும். நடுவில் இரண்டு தடவை கலரை மாற்றினார்கள், அதனால் பெரிய பிள்ளையின் உடுப்பைச் சின்னப் பிள்ளைக்குப் போடலாம் என்ற பேச்சுக்கும் இடமில்லாமல் போனது. புத்தகம், நோட்டு 52,700. ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், ஆண்டு விழா நடன உடை, சுற்றுலா என்று 48,300. இவை ஒவ்வொன்றும் 300, 800, 1,500 என்று வந்ததால் அன்றைக்கு வலிக்கவே இல்லை. 'விருப்பமுள்ளவர்கள்' என்றுதான் சீட்டில் போட்டிருக்கும். ஆனால் அபாகஸ் பாட வேளைக்குள்ளேயே நடக்கும், காசு கட்டாத பிள்ளை கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும். எந்தத் தகப்பன் வேண்டாம் என்று சொல்வான்?

இவ்வளவும் இருந்தும், நேர்மையாகச் சொன்னால், பத்தாம் வகுப்பு வரை தங்கச்சியைவிட நான் குறைவாகத்தான் கட்டியிருந்தேன். என்னைக் கவிழ்த்தது பதினொன்றாம் வகுப்பு.

2022 ஜூன். மகள் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு கேட்டாள். அவளுக்கு வேளாண்மை படிக்க ஆசை. கடையில் உட்கார்ந்து விவசாயிகளோடு பேசி வளர்ந்த பெண். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்தான் கணக்கு, நீட் தேவையில்லை. ஆனால் அறிவியல் பிரிவு என்றால் நீட் பயிற்சி வகுப்போடு சேர்ந்துதான், வருடம் 45,000 என்றார்கள். "என் பொண்ணு நீட் எழுதப்போறதில்லைங்க, அதை விட்டுட்டு மத்ததுக்குக் கட்டுறேன்" என்றேன். "தனியா பிரிக்க முடியாது சார். வேண்டாம்னா டிசி வாங்கிக்குங்க" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். பத்து வருடம் படித்த இடம், தோழிகள் எல்லாம் அங்கே. வேறு பள்ளிகளில் அந்தப் பிரிவு நிரம்பிக்கொண்டிருந்தது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து குறுவைக்கு உரம் வாங்கிப்போட கடைக்கே பணம் தேவைப்பட்ட நேரம். வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். அடுத்த வருடமும் அதே 45,000. எழுதாத தேர்வுக்கு 90,000 ரூபாய்.

அந்த 90,000-த்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் என் செலவு 4,60,800. தங்கச்சி செலவோடு வெறும் 2,700 ரூபாய்தான் வித்தியாசம். அவள் பள்ளியிலும் நீட் வகுப்பு இருந்தது, விரும்பினால் சேரலாம் என்ற அளவில். மருமகன் சேரவில்லை. ஆக 'பீஸ் கம்மி' என்று நான் பன்னிரண்டு வருடம் சொல்லித் திரிந்தது, நீட் காசைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் வெறும் 2,700 ரூபாய்க்கு.

அந்தப் பயிற்சி ரசீதை இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் கவனமாகப் படித்தேன். தலைப்பில் பள்ளியின் பெயரே இல்லை. ஒரு பயிற்சி மையத்தின் பெயர், வேறு ஒரு தெரு முகவரி. காசு வாங்கியது என்னவோ பள்ளி அலுவலகத்தின் அதே ஜன்னலில். சேரும்போது வாங்கிய நன்கொடை 5,000-க்கும், பதினொன்றாம் வகுப்பில் மறுசேர்க்கை என்று வாங்கிய 10,000-க்கும் ரசீதே கிடையாது. என் டைரியில் எழுதி வைத்திருந்ததால் கணக்கில் சேர்த்தேன்.

ரசீதுத் தலைப்பில் யார் பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் 2009-ல் வந்த சட்டப்படி, தனியார் பள்ளிகளின் கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு பள்ளிவாரியாக, வகுப்புவாரியாக நிர்ணயிக்கிறது. ஒரு உத்தரவு மூன்று கல்வியாண்டுக்கு. எங்கள் பள்ளிக்கான பழைய உத்தரவை இப்போது தேடிப் பார்த்தேன். ஆறாம் வகுப்புக்கு 12,400 என்று இருந்தது. என் ரசீதில் 15,000. அன்றைக்கே தெரிந்திருந்தால் ரசீதை வைத்துக் குழுவிடம் புகார் கொடுத்திருக்கலாம். ஆனால் ரசீது இன்னொரு மையத்தின் பெயரில் இருந்தால், "அது பள்ளிக் கட்டணமே இல்லை" என்று சொல்லிவிட இடம் கிடைக்கிறது. ரசீதே இல்லாத காசுக்கு எதைக் காட்டுவது?

தம்பியிடம் நான் சொன்னது இதுதான். பன்னிரண்டு வருடம் காத்திருந்து கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பள்ளியிலும் இப்போது ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று படிக்கிற பிள்ளைகளின் வீடுகளில் போன வருட ரசீது எல்லாவற்றையும் கேட்டு வாங்கு. பள்ளி அச்சடித்துத் தரும் கட்டணத் தாள் போதாது, கட்டிய ரசீதுதான் வேண்டும். ஒன்றாம் வகுப்புத் தொகையை ஐந்தால், ஆறாவதை மூன்றால், ஒன்பதையும் பதினொன்றையும் இரண்டால் பெருக்கிக் கூட்டு. இன்றைய விலையில் பன்னிரண்டு வருடமும் வந்துவிடும். பின்னால் விலை ஏறும், ஆனால் இரண்டு பள்ளிக்கும்தான் ஏறும். கட்டணம் துள்ளுவது ஆறிலும் ஒன்பதிலும் பதினொன்றிலும்தான். என் பள்ளி 9,000-த்தில் தொடங்கி 34,000-த்தில் முடிந்தது, கிட்டத்தட்ட நாலு மடங்கு. தங்கச்சி பள்ளி 16,000-த்திலிருந்து 48,000, மூன்று மடங்கு. முதல் வருடத்தைப் பன்னிரண்டால் பெருக்கிய என் கணக்கில் இது எங்கே தெரியும்?

ஒரு செலவு எந்த ரசீதிலும் வராது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லிருந்தும், வேளாண்மை, பொறியியல் போன்ற படிப்புகளில் 2021-லிருந்தும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. வேளாண்மை கேட்ட என் மகளுக்கு அது இல்லை. எங்கள் ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டரில் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. "மூணாவதா அங்கேயும் ஒரு ரசீது கேட்டுட்டு வா" என்று அவனை அனுப்பினேன்.

நேற்று சாயங்காலம் ரசீதுகளோடு வந்தான். என் மகள் படித்த பள்ளியில் இப்போது ஒன்பதாவது படிக்கிற ஒரு பையனுடைய ரசீதைத் தனியாக எடுத்துக் காட்டினான். தலைப்பில் அதே பயிற்சி மையத்தின் பெயர், அதே தெரு முகவரி. ஒன்பதாவதிலேயே.