மூணு வருஷ கோகோபீட் கலவை: வெயிட் குறைஞ்சுது, கடுப்பு குறையல

"மாடியில தொட்டிக்கு என்ன கலவை போடுற, அளவு மட்டும் சொல்லு"ன்னு நேத்து ஃப்ரெண்ட் கேட்டான். அளவு சொல்ல ஒரு நிமிஷம் போதும், ஆனா நான் பட்ட பாடு அதுல வராதே.

வெயிட்ல குறையே இல்ல. முன்னாடி 20 லிட்டர் பையில வெறும் செம்மண், நனைஞ்சா 35 கிலோ கிட்ட வரும், நகர்த்த ரெண்டு பேர் வேணும். இப்ப தேங்கா நார்த் தூளான கோகோபீட் கலவை, நனைஞ்ச பையே 15, 16 கிலோதான், ஒத்தை ஆளா தூக்கிடறேன்.

என்னைப் படுத்தி எடுத்தது அடி ஈரம். மொத வருஷம் பாதி கோகோபீட், பாதி மண்புழு உரம். மேல விரல் வெச்சா பொடி மாதிரி காஞ்சிருக்கும், அதனால தினமும் ஊத்தினேன், தக்காளி வாடுச்சு, வெயில்தான்னு நெனச்சு இன்னும் ஊத்தினேன். கடைசில பிடுங்கிப் பாத்தா அடியில நாலு விரல் உயரத்துக்கு சேறு, அழுகின முட்டை நாத்தம், வேரைத் தொட்டா தோல் உருவிட்டு வருது. இத்தனைக்கும் தண்ணி வடியட்டும்னு அடியில ஓட்டுச் சில்லு வேற போட்டிருந்தேன்! பொடிசான கலவை தண்ணியை இறுக்கிப் பிடிச்சுக்கும், பெரிய சந்து இருக்கிற சில்லுக்குள்ள லேசுல விடாது. சில்லு செஞ்சதெல்லாம் அந்த சேத்தை வேருக்குப் பக்கமா தூக்கி வெச்சதுதான்.

அப்புறம்தான் அளந்து பாத்தேன். 1 லிட்டர் தொட்டியில ஓட்டையை அடைச்சு, கலவையை நிரப்பி, மேல் மட்டம் வரைக்கும் மெதுவா தண்ணி விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஓட்டையைத் திறந்து வடியிறதைப் பிடிச்சேன். 70 மில்லிதான் வந்துச்சு. வடிஞ்ச அளவுதான் அப்புறம் வேருக்குக் கிடைக்கிற காத்து இடம், 150க்கு மேல இருந்தா நல்லது. உரத்தை சலிச்சு தூளை ஒதுக்கிட்டு, 5 பங்கு கோகோபீட், 2 பங்கு உரம், 3 பங்கு பெர்லைட்ங்கிற பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்லுன்னு மாத்தினேன், 170 வந்துச்சு. (பெர்லைட்டை நனைச்சுட்டு கொட்டுங்க, அந்தத் தூசி மூக்குல ஏறினா அவ்ளோதான்.) ஆசைப்பட்டு இன்னும் பெர்லைட் சேத்தா கோடையில ரெண்டு வேளை ஊத்தணும், அதையும் பட்டாச்சு.

எதிர்பாக்காத சந்தோஷம் ஒண்ணு. மழை நின்னதும் பையை ஓட்டை இருக்கிற பக்கமா சாய்ச்சு வைப்பேன், வடிஞ்சு முடிஞ்சுதுன்னு நெனச்ச பையிலேர்ந்து இன்னும் ஒரு டம்ளர் தண்ணி கொட்டும். நேரா இருக்கிறப்போ அடி முழுக்கப் பரவி நிக்கிற தண்ணி, சாய்ச்சா ஒரு மூலையோட நின்னுக்கும், மிச்சம் வெளிய வந்துரும்.

ஆனாலும் கடுப்பு தீரல. கோகோபீட் மக்கி வருஷா வருஷம் மட்டம் மூணு விரல் இறங்குது, மறுபடி பொடியாகி அடைக்குது, திரும்ப சலி, திரும்ப பெர்லைட் சேரு. போன வாரக் காத்துல ஆளுயர கத்தரி பையோட சாஞ்சு கிடந்துச்சு, அவ்ளோ லைட்டு. இத்தனை சொல்லியும் உனக்கு இதே 5-2-3தான் சொல்வேன். நான் இந்த தடவை உயரமான செடிக்கெல்லாம் கால் பங்கு செம்மண் கலக்கப் போறேன், தூக்க ஆள் வேணும்னா நீ வா.