சூடேறும் எஸ்எஸ்டி: தகடா, மின்விசிறியா, ஜென் 4-ஆ?

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 60 ஜிபி அப்டேட் இறங்கி முடிந்த கையோடு விளையாட்டைத் திறந்தேன். வழக்கமாகப் பதினைந்து நொடியில் திறந்துவிடும் மேப், ஒரு நிமிடம் கடந்தும் பாதியிலேயே நின்றது. ஒருவழியாக உள்ளே போய்க் கொஞ்ச தூரம் நடந்தால், கட்டடங்கள் களிமண் பொம்மை மாதிரி மொழுமொழுவென்று நிற்கின்றன. படவிவரம் வந்து சேரவே இல்லை. அடுத்த சில நிமிடங்களில் விளையாட்டு மூடிக்கொண்டது. ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் விளையாட்டு இருந்த எஸ்எஸ்டி டிரைவையே காணோம். கம்ப்யூட்டரை முழுசாக அணைத்து, டீ குடித்துவிட்டு வந்து போட்டேன். ஒன்றுமே நடக்காதது போல டிரைவ் திரும்பி வந்திருந்தது.

ரீஸ்டார்ட்டில் வராமல், அணைத்து ஆறவைத்தால் வருகிறது என்றால் முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான் விழ வேண்டும். வேகமான என்விஎம்இ டிரைவில் சூடு இரண்டு கட்டமாக வேலையைக் காட்டும். எச்சரிக்கை அளவைத் தொட்டதும், டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லோடிங் இழுப்பது இதனால். அதற்கும் மேலே போய் ஆபத்து அளவைத் தொட்டால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாகவே நின்றுவிடும். விண்டோஸ் பதிலுக்குக் காத்திருந்து பார்த்து, டிரைவை ரீசெட் செய்ய முயலும். ஈவன்ட் வியூவரில் `stornvme` பெயரில் 129 எண்ணோடு பதிவு கிடந்தால் இந்தக் கட்டம் வந்திருக்கக்கூடும். ஆனால் டிரைவ் ஸ்லாட்டில் சரியாக உட்காராவிட்டாலும் அதே 129 வரும். அதனால் டிரைவையே கேட்டுவிடுவது நல்லது. smartmontools என்ற இலவசக் கருவியைப் போட்டு, அட்மினாக `smartctl -a /dev/nvme0` என்று அடித்தேன்.

```
Temperature:                        83 Celsius
Warning  Comp. Temperature Time:    14
Critical Comp. Temperature Time:    1
Thermal Temp. 1 Transition Count:   37
```

இரண்டாவது, மூன்றாவது வரிகள் நிமிடக் கணக்கு. இதுவரை எச்சரிக்கை அளவுக்கு மேல் 14 நிமிடம், ஆபத்து அளவுக்கு மேல் 1 நிமிடம் இருந்திருக்கிறது. கடைசி வரி, சூட்டுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டது 37 தடவை என்கிறது. இந்த மூன்று எண்களும் டிரைவிலேயே பதிந்திருப்பவை, கம்ப்யூட்டரை அணைத்தாலும் அழியாது. மூன்றும் பூஜ்ஜியமாக இருந்தால் ஹீட்சிங்க் வாங்கக் கிளம்ப வேண்டாம். முதல் முறை திறக்கும்போது ஷேடர் கம்பைல் ஆவதால்கூட லோடிங் இழுக்கும். அது பிராசஸர் வேலை. பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது மட்டும் வேகம் விழுகிறது, படிக்கும்போது விழவில்லை என்றால், அது பெரும்பாலும், எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதியான கேஷ் நிரம்பிய கதை.

என்னுடையது ஜென் 5 டிரைவ், அதாவது பிசிஐஇ இணைப்பின் ஐந்தாம் தலைமுறை. முழு வேகத்தில் பத்து வாட் அளவுக்குச் சூட்டை, சூயிங்கம் பட்டை அளவுள்ள பலகையிலிருந்து வெளியேற்ற வேண்டும். அதிலும் பெரும்பகுதி, நகத்தளவு கன்ட்ரோலர் சிப்பிலிருந்து வருவது. 2023-ல் முதலில் வந்த ஜென் 5 டிரைவ்கள் பலவற்றில் இருந்தது ஃபைசன் இ26 கன்ட்ரோலர். அவற்றை ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்டிப் பார்த்தவர்கள், வேகம் குறைவதற்குப் பதிலாக டிரைவே நின்றுபோவதைக் கண்டார்கள். பிறகு ஃபர்ம்வேர் அப்டேட் வந்துதான் அது சரியானது. ஆக, கூலிங் பக்கம் போகும் முன் ஃபர்ம்வேர் புதியதா என்று பார்த்துவிடுங்கள். காசு செலவில்லை.

மதர்போர்டோடு வரும் தகடு

என் டிரைவ் மேல் மதர்போர்டின் அலுமினியத் தகடு ஏற்கெனவே இருந்தது. அப்புறம் ஏன் 83 டிகிரி? திருகைக் கழற்றித் தகட்டைத் தூக்கியதும் தெரிந்தது. தெர்மல் பேட் மேல் ஒட்டியிருந்த நீலநிறப் பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கிறது. பூட்டியது நானேதான், யாரைத் திட்ட? பேட் சிப்பை நன்றாகத் தொட்டிருந்தால் அதில் சிப்பின் சதுரம் அச்சாகப் பதிந்திருக்க வேண்டும். என்னுடையது புதுசு போல வழவழவென்று இருந்தது. தாளை உரித்து மாட்டியதும் அதே வேலைக்கு 12 டிகிரி குறைந்தது. டிரைவ் மேலுள்ள லேபிளை மட்டும் உரிக்க வேண்டாம். சிலவற்றில் அதுவே சூட்டைப் பரப்பும் செப்புத் தாள்; பல நிறுவனங்களின் வாரண்டியும் அதோடு போய்விடும்.

தகடு போதுமா என்றால், எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்க வேண்டும். 50 கிராம் அலுமினியம் ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 45 ஜூல் வேண்டும். டிரைவ் 9 வாட் தள்ளினால் ஐந்து நொடிக்கு ஒரு டிகிரி ஏறும். காற்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் 40 டிகிரி ஏற 200 நொடி, மூன்றரை நிமிடம்கூட இல்லை. நிஜத்தில் கொஞ்சம் காற்றில் போவதால் இன்னும் நேரம் எடுக்கும். ஆனால் தட்டைத் தகட்டின் குணம் இதுதான்: சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், வெளியே விடுவதில் மந்தம். விளையாட்டு லோடாவது சில நொடி வேலை. அதற்குத் தகடு தாராளம். 60 ஜிபி அப்டேட்டை எழுதி, சரிபார்த்து, உடனே விளையாட்டைத் திறப்பது வேறு வேலை. அங்கே தகடு ஏற்கெனவே நிறைந்துபோயிருக்கும்.

உயரமான ஹீட்சிங்க், குட்டி மின்விசிறி

ரிச்சி தெருவில் கேட்டபோது கடைக்காரர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "சார், ஃபேன் வச்ச ஹீட்சிங்க் போட்டுடுங்க, முடிஞ்சுது." நான் வாங்கவில்லை. அந்த விசிறி மூன்று செ.மீ.கூட இருக்காது. அவ்வளவு சின்ன விசிறி காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வேகமாகச் சுற்றியே ஆக வேண்டும், கீச்சென்று கத்தும். நம்மூர்த் தூசியில் முதலில் சாகப்போவதும் அதுதான். செத்துப்போனால் சத்தம் நின்றுவிட்டது என்று நாம் சந்தோஷப்படுவோமே தவிர, ஏன் நின்றது என்று பார்க்க மாட்டோம்.

விசிறி இல்லாத, வரிவரியாகத் துடுப்பு வைத்த உயரமான ஹீட்சிங்க் இதைவிட நல்ல தேர்வு, ஆனால் கேபினெட்டுக்குள் காற்று ஓட வேண்டும். நின்ற காற்றில் துடுப்புக்கு வேலை இல்லை. முன்பக்க 120 மி.மீ. விசிறியின் காற்று ஸ்லாட் பக்கம் வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வாங்கும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள். முதல் ஸ்லாட் பெரும்பாலும் பிராசஸர் கூலருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் இருக்கும். இரண்டில் ஒன்று இடித்தால் தீர்ந்தது. கீழ் ஸ்லாட்டில் போட்டால் கிராபிக்ஸ் கார்டே மேலே வந்து உட்காரும். பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம். டிரைவும் ஹீட்சிங்க்கும் சேர்த்து 11.25 மி.மீ. தடிமனுக்குள் இருக்க வேண்டும் என்பது சோனியின் கணக்கு. லேப்டாப்பில் அதுவும் கிடையாது, மெல்லிய செப்புத் தாள் வரைக்கும்தான்.

ஸ்லாட்டை மாற்றுவதா, வேகத்தைக் கட்டுவதா

நீலத் தாளை உரித்த பிறகும் ஒன்று உறுத்தியது. டிரைவ் ஏறக்குறைய சும்மா இருக்கும்போதே, விளையாடி நாற்பது நிமிடத்தில் 70 டிகிரியைத் தொட்டது. அறையில் 34 டிகிரி வெயில் சூடு ஒரு பக்கம். மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு: அதன் முதுகுத் தகட்டின் சூடு நேரே முதல் ஸ்லாட்டில் இறங்குகிறது. இதை உறுதி செய்வது சுலபம். சூட்டைக் காட்டும் HWiNFO மென்பொருளைத் திறந்து வைத்து, ஃபைல் எதையும் தொடாமல் கிராபிக்ஸ் சோதனை ஒன்றை மட்டும் இருபது நிமிடம் ஓட்டுங்கள். `Drive Temperature` ஏறிக்கொண்டே போனால் அடுப்பு டிரைவ் இல்லை, பக்கத்து வீடு.

அப்படியானால் டிரைவைக் கீழே, கார்டை விட்டுத் தள்ளியிருக்கும் ஸ்லாட்டுக்கு மாற்றுவது சரியான வழி. எனக்கு அதில் 6 டிகிரி கிடைத்தது. ஆனால் மதர்போர்டு கையேட்டைப் பார்க்காமல் மாற்றக் கூடாது. சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் டிரைவ் போட்டால் கிராபிக்ஸ் கார்டுக்கு டேட்டா போகும் 16 லேன் 8 ஆகிவிடும், சிலவற்றில் சாட்டா போர்ட் ஒன்று அடைபடும். கார்டின் விசிறிக்கு நேர் கீழே இருக்கும் ஸ்லாட்டும் சில கேபினெட்டுகளில் மேலதைவிட மோசம். மாற்றி, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இடம் மாற்ற முடியாதவர்களுக்கு நான் சொல்வது, பலருக்கும் மனசு வராத வழி: பயோஸில் அந்த ஸ்லாட்டின் லிங்க் வேகத்தை `Gen4` என்று வைத்துவிடுங்கள். நொடிக்கு 14 ஜிபி வரை போகும் டிரைவ் 7-க்குள் அடங்கும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நாமே கட்டிப்போடுவதா என்று எனக்கும் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் விளையாட்டு லோடிங்கில் பெரும்பாலான நேரம் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிப்பதிலும் பிராசஸர் அதை விரித்துத் தருவதிலும் போகிறது. 14 ஜிபி வேகம் பெரிய ஃபைலை ஒரே இழுப்பில் காப்பி செய்யும்போதுதான் கண்ணில் படும். டிரைவைப் பழைய ஸ்லாட்டிலேயே திரும்ப மாட்டி, ஜென் 4-ல் வைத்து அதே மேப்பைத் திறந்தேன். 15 நொடி 15 நொடியாகவே இருந்தது. அப்டேட் எழுதும்போது 8 டிகிரி குறைவு. சூட்டில் திணறும் ஜென் 5-ஐவிட நிதானமாக ஓடும் ஜென் 4 வேகமானது. முதல் நாள் நான் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தேனே, அதுவே சாட்சி. வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அந்த வேகம் நிஜமாகவே தேவை.

டிரைவையே மாற்றுவது கடைசி. மாற்றுவதாக இருந்தால் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைவிடக் கன்ட்ரோலரைப் பாருங்கள். இ26 12 நானோமீட்டரில் செய்தது. பின்னால் வந்த சிலிக்கான் மோஷன் எஸ்எம்2508 6 நானோமீட்டர். அதே ஜென் 5 வேகத்துக்குக் கணிசமாகக் குறைந்த மின்சாரம் போதும். புதிதாக வாங்குபவர் இங்கே பணம் போடலாம். கையில் ஏற்கெனவே டிரைவ் இருப்பவர் இதற்காக வாங்க வேண்டியதில்லை.

என் கம்ப்யூட்டரில் இப்போது நிலவரம்: நீலத் தாள் உரித்தாயிற்று, டிரைவ் கீழ் ஸ்லாட்டில், வேகம் `Gen4`. ஹீட்சிங்க் வாங்கவில்லை. அடுத்த பெரிய அப்டேட் வந்த அன்று முழுக்க ஓட்டிவிட்டு மறுபடியும் `smartctl` அடித்தேன். `Thermal Temp. 1 Transition Count` அதே 37-ல் நின்றது.